வகுப்பறைக்குள் இருந்தவருக்கே விடை தெரியும் வினா: ஒப்படை அமைப்போருக்கும் நெறிப்படுத்துநருக்கும் ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்தில் பட்டப்படிப்பு, டிப்ளோமா வகுப்புகளுக்கு ஒப்படை வினா அமைக்கும் விரிவுரையாளர்களுக்கும், அவ்வினாக்களைப் பார்த்து ஒப்புதல் தரும் நெறிப்படுத்துநர்களுக்கும்,

வணக்கம்.

மண்டபத்தில் மேற்பார்வையாளர் நிற்க எழுதப்படும் பரீட்சையைப் பற்றியதல்ல இந்த மடல். மாணவர் வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு மூன்று வாரத்தில் எழுதித் தரும் ஒப்படை பற்றியது. அந்த ஒப்படைகளில் இப்போதும் இந்த மாதிரி வினாக்கள் வருகின்றன: "யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் மாசடைவதற்கான காரணங்களை விளக்கி, பொருத்தமான தீர்வுகளை முன்வைக்க." இதை ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஒட்டினால் ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்துவிடும். மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல், அளவுக்கு மிஞ்சிய உரம், மலசலகூடக் குழிகள், கடல்நீர் உட்புகுதல், கூடுதலான இறைப்பு என்று எல்லாம் வரிசையாக இருக்கும். வழுக்கையாறும் நிலாவரையும்கூட வந்துவிடும். நமது புள்ளியிடும் திட்டத்திலும் அதே வரிசைதான் இருக்கிறது. ஆகவே அந்தப் பதிலுக்கு அறுபதுக்கு மேல் போடாமல் இருக்க நமக்கு வழியில்லை. வினாவும் புள்ளித்திட்டமும் கேட்டதை அந்தச் செயலி கொடுத்திருக்கிறது.

இதற்குப் பதிலாகக் கண்டுபிடிக்கும் மென்பொருள் வாங்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அந்தப் பேச்சை இங்கேயே முடித்துவிடலாம். ஓபன்ஏஐ நிறுவனமே தான் வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் பல கண்டறியும் கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை அவை செயலி எழுதியவையாகக் காட்டின. ஆங்கில மூலம் படிக்கும் நமது பிள்ளைகள் அந்த வகைக்குள்தான் வருவார்கள். தமிழில் எழுதியதை ஊகத்தால் பிடிப்பதும் இதே ஆபத்துதான். நைத்திரேற்று என்று எழுதாமல் நைட்ரேட் என்று எழுதினான், ஆகவே செயலி எழுதியது என்று முடிவுகட்ட முடியாது. தமிழ்நாட்டுக் காணொளி பார்த்துப் படித்த பிள்ளையும் அப்படித்தான் எழுதும்.

எனவே நாங்கள் கேட்பது வேறு. யார் எழுதியது என்று துப்புத் துலக்க வேண்டாம். பொதுவான பதிலுக்குப் பொதுவான புள்ளிதான் கிடைக்கும் என்ற நிலையை வினாவிலேயே உண்டாக்குங்கள். எப்படி என்பதை மேலே சொன்ன அதே நிலத்தடி நீர் வினாவை வைத்துக் காட்டுகிறோம். உங்கள் பாடம் சமூகவியலாகவோ முகாமைத்துவமாகவோ இருக்கலாம். வழி அதுவேதான்.

முதலில், எது உள்ளூர்த் தரவு அல்ல என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். வினாவில் ஊர்ப்பெயர் சேர்ப்பது உள்ளூர்த் தரவு ஆகாது. "இலங்கையின்" என்பதை "சுன்னாகத்தின்" என்று மாற்றினால் செயலி சுன்னாகத்தைப் பற்றி எழுதும். மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் பத்திரிகைகளிலும் நீதிமன்றத்திலும் பல காலம் ஓடிய செய்தி. அதெல்லாம் இணையத்தில் இருக்கிறது. வெளியான ஆய்வுக் கட்டுரையிலிருந்து எடுத்த அட்டவணைக்கும் இதே கதிதான். உள்ளூர்த் தரவு என்று நாம் சொல்வது வகுப்புக்கு வெளியே எங்கும் அச்சாகாத, இந்த ஆண்டில் இந்த வகுப்புக்கென்று தொகுத்த அளவீடுகளை. நான்கைந்து கிணறு, இரண்டு பருவம், இரண்டு மூன்று அளவுகள் போதும். ஐம்பது கிணறு வேண்டாம். தரவு கூடக்கூட மாணவன் சராசரி எடுக்கத் தொடங்கிவிடுவான், சிந்திப்பதை விட்டுவிடுவான்.

கீழே உள்ள அட்டவணை வடிவத்தைக் காட்டுவதற்காக நாங்கள் அமைத்தது. எண்கள் உண்மையான கிணறுகளுடையவை அல்ல. இருபருவ அளவுகளில் முதலாவது ஜனவரி, மாரிமழை முடிந்த கையோடு. இரண்டாவது ஆகஸ்ட், நல்ல கோடையில்.

| கிணறு | சுற்றாடல் | மலசலகூடக் குழிக்குத் தூரம் | நைத்திரேற்று-நைதரசன் (மி.கி./லீ) | குளோரைட்டு (மி.கி./லீ) |
|---|---|---|---|---|
| 1 | வெங்காயத் தோட்டம் | 60 மீ | 14 / 9 | 80 / 95 |
| 2 | நெருக்கமான வீடுகள் | 8 மீ | 12 / 13 | 150 / 165 |
| 3 | கடல்நீரேரிக்கரை வீடு | 25 மீ | 4 / 4 | 190 / 620 |
| 4 | வீடு, சுற்றிலும் தோட்டம் | 10 மீ | 13 / 8 | 75 / 90 |

இந்தச் சிறிய அட்டவணையில் வேண்டுமென்றே வைத்த மூன்று சங்கதிகள் இருக்கின்றன. முதலாவது அலகு. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மி.கி. வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார அமைப்பினதும் இலங்கைத் தரக் கட்டளையினதும் எல்லை. ஆனால் அந்த 50 முழு நைத்திரேற்று அயனுக்கு உரியது. அட்டவணையில் இருப்பது நைத்திரேற்றாக உள்ள நைதரசன் மட்டும். நைத்திரேற்று அயனின் நிறை 62, அதிலுள்ள நைதரசன் 14. ஆகவே அட்டவணை எண்ணை 4.43 ஆல் பெருக்க வேண்டும். பெருக்கினால் ஜனவரியில் கிணறு 1 இல் 62, கிணறு 2 இல் 53, கிணறு 4 இல் 58. மூன்றும் எல்லைக்கு மேல். ஆகஸ்டில் கிணறு 2 மட்டும் 58 இல் நிற்கிறது, மற்றவை இறங்கிவிட்டன. பெருக்காமல் 50 உடன் ஒப்பிட்டவர், எல்லாக் கிணறும் குடிக்க உகந்தது என்று எழுதியிருப்பார். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு அது ஆபத்தான ஆலோசனை.

இரண்டாவது சங்கதி கிணறு 3. அங்கே நைத்திரேற்று குறைவு, ஆனால் கோடையில் குளோரைட்டு 250 என்ற எல்லையை இரண்டு மடங்குக்கு மேல் தாண்டுகிறது. அது உரமோ குழியோ அல்ல. உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீர் வில்லை இறைப்பால் மெலிய, உவர்நீர் மேலேறுகிறது. நான்கு கிணற்றுக்கும் "உரப் பாவனையும் முறையற்ற மலசலகூடக் குழிகளும் காரணம்" என்று ஒரே பத்தியில் எழுதியவர் அட்டவணையை வாசிக்கவில்லை என்பது இங்கே தெரிந்துவிடும். மூன்றாவது, கிணறு 4. அது வீட்டுக் கிணறு. குழியும் கிட்ட இருக்கிறது. ஆனாலும் அது நடந்துகொள்வது கிணறு 1 ஐப்போல: மாரிக்குப் பிறகு ஏறி, கோடையில் இறங்குகிறது. தோட்டத்தில் இட்ட உரத்தை மழை கழுவி இறக்கியதன் அடையாளம் அது.

இவ்வளவையும் வைத்துவிட்டு ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். அட்டவணையைப் படம்பிடித்துச் செயலியில் ஏற்றினால், இன்றைக்குள்ள நல்ல செயலிகள் அந்த 4.43 ஐயும் கண்டுபிடித்துவிடும். அலகுப் பொறி பிடிப்பது, வினாவை மட்டும் ஒட்டிவிட்டு அட்டவணையை விட்டவர்களைத்தான். அதோடு அது நேர்மையாக எழுதிய பலவீனமான மாணவரையும் பிடிக்கும். ஆகவே அலகு மாற்றத்தைக் கற்பிக்க வேண்டியதால் வையுங்கள், பொறியாக வைக்காதீர்கள். அதை வகுப்பில் ஒரு தடவை செய்துகாட்டியிருக்க வேண்டும். பொறி மட்டுமே குறிக்கோளாக வினாத்தாளில் வெள்ளை எழுத்தில் மறைவசனம் எழுதும் வேலையையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். கண்பார்வை குறைந்த மாணவரின் திரைவாசிப்பான் அந்த மறைவசனத்தை உரக்க வாசிக்கும். அந்த வழி வேண்டாம்.

கனமான புள்ளிகள் இருக்க வேண்டிய இடம் வகுப்புக் கலந்துரையாடல். இங்கேதான் பெரும்பாலான ஒப்படைகள் சறுக்குகின்றன. "வகுப்பில் கலந்துரையாடியவாறு, நிலத்தடி நீர் மாசடைவதற்கான காரணங்களை விளக்குக" என்று எழுதினால் அது வகுப்பைச் சுட்டும் வினா ஆகாது. சோதித்துப் பார்ப்பது எளிது. "வகுப்பில் கலந்துரையாடியவாறு" என்ற இரண்டு சொல்லையும் அழித்துவிட்டு வினாவை மறுபடி வாசியுங்கள். விடை மாறவில்லை என்றால் அந்தச் சொற்கள் அலங்காரம். அவற்றை அழித்ததும் வினாவுக்கு விடை எழுதவே முடியாமல் போனால்தான் வினா உண்மையில் வகுப்பைச் சார்ந்து நிற்கிறது.

அப்படி நிற்க வைக்க, கலந்துரையாடலிலேயே ஆயத்தம் வேண்டும். மேலே உள்ள அட்டவணையைக் கொடுத்து, கிணறு 2 இன் நைத்திரேற்று எங்கிருந்து வந்தது என்று வகுப்பைக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். அரை மணிநேரத்தில் மூன்று வாதம் வந்தால் போதும். ஒருவர் சொல்வார்: குழி எட்டு மீற்றரில் இருக்கிறது, வேறென்ன காரணம் வேண்டும். இன்னொருவர் மறுப்பார்: சுண்ணாம்புக்கல்லில் நீர் மணலில் ஊறுவதுபோல ஊறுவதில்லை, வெடிப்பு வழியாகவும் கரைந்த குடைவு வழியாகவும் ஓடுகிறது. ஆகவே கிட்ட உள்ள குழி தொடர்பில்லாமலும், எட்ட உள்ள குழி தொடர்போடும் இருக்கலாம், தூரம் சாட்சியல்ல. மூன்றாவது ஆள் பருவத்தைப் பிடிப்பார்: தோட்டத்து உரம் மழையோடு வரும், குழி ஆண்டு முழுவதும் பாவிக்கப்படுகிறது, எனவே ஏறாமல் இறங்காமல் நிற்கும் கிணறு குழியைத்தான் காட்டுகிறது. இவை வரும் ஒழுங்கிலேயே வாதம் ஒன்று, இரண்டு, மூன்று என்று கரும்பலகையில் ஒவ்வொரு வரியில் எழுதுங்கள். வகுப்பு முடிய, பலகையைப் படம் எடுத்து வையுங்கள். வராத மாணவருக்காக ஒரு தாளில் அந்த மூன்று வரியையும் கையால் எழுதித் துறை அறிவித்தற் பலகையில் ஒட்டுங்கள். காய்ச்சலில் கிடந்த பிள்ளை தண்டிக்கப்படக் கூடாது.

பிறகு ஒப்படை வினா இப்படி வரலாம்: "புதன்கிழமை வகுப்பில் பலகையில் எழுதிய இரண்டாம் வாதம், கிணறு 2 பற்றி வகுப்பு எட்டிய முடிவைக் குலைக்கிறதா? கிணறு 4 இன் அளவுகளைக் கொண்டு காட்டுக. உங்கள் முடிவை மாற்றிவிடக் கூடிய ஓர் அளவீட்டைக் கூறி, அது எந்தப் பெறுமானம் காட்டினால் மாறுவீர்கள் என்றும் எழுதுக."

இந்த வினாவில் கவனிக்க வேண்டியது, அது வாதத்தைச் சுட்டுகிறதே தவிர எடுத்துச் சொல்லவில்லை. "சுண்ணாம்புக்கல்லில் நீர் வெடிப்பு வழியாக ஓடுவதால் தூரம் சாட்சியல்ல என்ற வாதம்" என்று வினாவிலேயே விரித்து எழுதிவிட்டால், செயலிக்கு வேண்டிய எல்லாவற்றையும் நாமே கையில் கொடுத்தவர்கள் ஆவோம். விளக்கமாக எழுத வேண்டும் என்ற நல்ல மனத்தால் ஆசிரியர் அடிக்கடி விடும் பிழை இது. தெளிவு வேண்டியது, மாணவர் என்ன செய்ய வேண்டும் என்பதில். பலகையில் என்ன இருந்தது என்பதை மாணவர்தான் கொண்டுவர வேண்டும்.

நல்ல விடை எப்படி இருக்கும்? இரண்டாம் வாதம் முதலாம் வாதத்தை வீழ்த்துகிறது, ஏனெனில் முதலாவது தூரத்தை மட்டும் நம்பியது. ஆனால் கிணறு 2 இன் நைத்திரேற்று குழியிலிருந்து வந்தது என்ற வகுப்பின் முடிவு மூன்றாம் வாதத்தில்தான் நிற்கிறது, அது தூரத்தைத் தொடவே இல்லை. கிணறு 4 இதை உறுதிப்படுத்துகிறது: குழி கிட்ட இருந்தும் அதன் அளவு மழையோடு ஏறி இறங்குகிறது. ஆகவே தூரம் ஏமாற்றும், பருவம் பேசும். இருந்தாலும் கிணறு 2 க்கு அருகில் ஆண்டு முழுவதும் இறைத்துப் பயிரிடும் தோட்டம் இருந்தால் பருவ வாதமும் தளரும். எனவே இரு பருவத்திலும் மலத்தோடு வரும் பற்றீரியாவான மலக் கோலிபோம் உண்டா என்று சோதனை செய்ய வேண்டும். இரண்டிலும் அது இல்லையென்றால் குழி என்ற முடிவை நான் மறுபடி பார்ப்பேன். இவ்வளவுக்கும் ஒரு பக்கம் போதும். ஒரு மாணவர் எதிர்ப்பக்கம் நின்று, பற்றீரியா வழியில் செத்துவிடலாம், நைத்திரேற்று மட்டும் வந்து சேரலாம், ஆகவே கோலிபோம் இல்லாமை சாட்சியாகாது என்று எழுதினால் முழுப் புள்ளியும் அவருக்கே.

பலகையைப் பற்றி அறியாத செயலி இந்த வினாவுக்கு என்ன எழுதும்? தெரியாது என்று சொல்லும் செயலிகள் உண்டு. ஆனால் மாணவர் வற்புறுத்தினால் பெரும்பாலும் ஊகித்துக்கொண்டு எழுதும். "வகுப்பில் முன்வைக்கப்பட்ட இரண்டாவது வாதத்தின்படி, இரசாயன உரங்களின் மிகைப் பாவனையே பிரதான காரணமாகும்" என்று நிதானமாக ஆரம்பிக்கும். வாசிக்க நன்றாகவே இருக்கும். பலகையில் அப்படி ஒரு வரியே இருக்கவில்லை. இப்படி இல்லாத வாதத்தைச் சொன்ன விடைக்கு அந்தப் பகுதியில் பூச்சியம் போடுங்கள். குற்றச்சாட்டு, விசாரணை எதுவும் தேவையில்லை. இல்லாததைச் சொன்ன விடை பிழையான விடை, அவ்வளவுதான். புள்ளி ஏன் இல்லை என்று மாணவர் வந்து கேட்டால் பலகைப் படத்தைக் காட்டலாம்.

வினாவை மாற்றிவிட்டுப் புள்ளித்திட்டத்தைப் பழையபடி விட்டால் எல்லாம் வீண். "உள்ளடக்கம் 40, ஒழுங்கமைப்பு 20, மொழிநடை 20, முடிவுரை 20" என்பது போன்ற திட்டம் செயலிக்காகவே வகுத்தது போன்றது. ஒழுங்கும் நடையும் முடிவுரையும் அதற்குக் கைவந்த கலை. நாங்கள் பரிந்துரைப்பது: பொதுவான விளக்கத்துக்கு 20 புள்ளி, அட்டவணை வாசிப்புக்கு 25, வகுப்பு வாதத்துக்கு 30, மாணவர் தாமே எடுத்த அளவீட்டுக்கு 20, நடைக்கு 5. வினாவை மட்டும் ஒட்டி எடுத்த பதிலை இதில் புள்ளியிட்டுப் பாருங்கள். பொது விளக்கத்தில் 18, அட்டவணை இல்லாமல் 4 அல்லது 5, வாதத்தில் 0, அளவீட்டில் 0, நடைக்கு 5. முப்பதைத் தாண்டாது. ஒவ்வொரு பகுதியிலும் எந்த வசனம் இருந்தால் எத்தனை புள்ளி என்று எழுதி வையுங்கள். உதாரணமாக வாதப் பகுதியின் 30 இல், இரண்டாம் வாதத்தைச் சரியாக எடுத்துச் சொன்னால் 6, அது முதலாம் வாதத்தைத்தான் தாக்குகிறது என்று பிரித்தறிந்தால் 8, கிணறு 4 ஐ அதற்குச் சான்றாக வைத்தால் 8, மாற்றக் கூடிய அளவீடும் பெறுமானமும் 8. இப்படி இருந்தால் நூற்றைம்பது விடை திருத்துவதும் முன்னையைவிட விரைவாக நடக்கும். ஆறு பக்கக் கட்டுரை தேவைப்படாது, மூன்று பக்கத்துக்கு மட்டுப்படுத்திவிடலாம்.

மாணவரின் சொந்த அளவீடு என்று சொன்னது பெரிய கள ஆய்வு அல்ல. வீட்டுக் கிணறோ அயல் கிணறோ ஒன்று. கட்டின் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை கல் கட்டிய கயிற்றால் அளந்த ஆழம், கட்டின் உயரம், மிக அண்மித்த குழிக்கு நாடாவால் அளந்த தூரம், சுற்றிலும் என்ன பயிர், கையால் வரைந்த ஒரு படம். அதை வைத்து, அட்டவணையின் எந்தக் கிணற்றோடு தமது கிணறு ஒத்துப்போகும் என்று ஒரு பந்தி. விடுதியில் இருக்கும் வவுனியா, மலையகப் பிள்ளைகளுக்கு விடுதிக் கிணற்றைக் கொடுங்கள். ஒரே கிணற்றை மூவர் அளந்தால் நல்லது, ஒப்பிடலாம். நைத்திரேற்றுச் சோதனைத் தாள் வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள். ஆனால் பெட்டியில் உள்ள நிற அட்டை அயனாகக் காட்டுகிறதா நைதரசனாகக் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள், இரண்டு விதமும் கடையில் உண்டு.

அளவீட்டையும் இட்டுக்கட்டலாம் அல்லவா? கட்டலாம். ஆனால் இட்டுக்கட்டியது பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். குடாநாட்டு நிலம் தாழ்ந்தது, நீர்மட்டம் கடல்மட்டத்தை ஒட்டியே இருக்கிறது. கட்டிலிருந்து நீருக்கு முப்பது மீற்றர் என்று ஒருவர் எழுதினால் அந்தக் கிணறு குடாநாட்டில் இல்லை. நிலாவரை எவ்வளவோ ஆழமான கிணறு, அதில்கூட நீர் மேலேதான் நிற்கிறது. கிணற்றின் ஆழத்தையும் நீர்மட்டத்தின் ஆழத்தையும் குழப்பியவர் கயிறு விட்டுப் பார்க்காதவர். இருபருவத் தரவைப் பார்த்து, கோடையில் நீர்மட்டம் மேலே வந்ததாக எழுதுபவரும் உண்டு. இவற்றுக்கெல்லாம் மூன்று நிமிட வாய்மொழி உரையாடல் போதும். எல்லாரையும் கூப்பிட நேரமில்லை. பத்துக்கு ஒருவரை எழுந்தமானமாகவும், அளவும் விளக்கமும் முரண்படும் விடைகளுக்கு உரியவர்களையும் கூப்பிடுங்கள். "கட்டிலிருந்து அளந்தீரா, நிலத்திலிருந்து அளந்தீரா, கட்டு எவ்வளவு உயரம்?" என்பதே முதல் கேள்வி. அளந்தவர் உடனே சொல்வார். கூச்ச சுபாவம் உள்ள பிள்ளை திணறினால் படத்தை மறுபடி வரையச் சொல்லுங்கள், வாய் தடுமாறுவதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

இந்த முறைக்கு ஓர் எல்லை இருக்கிறது. வகுப்புக்கு வந்து, மூன்று வாதத்தையும் குறித்துவைத்து, அட்டவணையோடு சேர்த்துச் செயலியில் தட்டச்சு செய்யும் மாணவருக்கு நல்ல பதில் கிடைக்கும். அதை முழுதாகத் தடுக்க எங்களுக்கு வழி தெரியவில்லை. ஆனால் அவர் வகுப்பில் இருந்தார், குறித்தார், எது தேவை என்று தெரிந்தெடுத்தார். சொந்தக் கிணற்றுப் பகுதியையும் வாய்மொழியையும் அவர் தாமாகவே கடக்க வேண்டும். வினாவை மட்டும் ஒட்டியவரும் அவரும் ஒரே புள்ளி பெறும் இன்றைய நிலையைவிட இது நியாயமானது. வெளிவாரி மாணவருக்கு மட்டும் இது அப்படியே பொருந்தாது, அவர்களுக்கு வகுப்புக் கலந்துரையாடலே இல்லை. அவர்களுக்கு வாதப் புள்ளிகளின் பெரும்பகுதியைச் சொந்த அளவீட்டுக்கும் வாய்மொழிக்கும் மாற்றுங்கள்.

அடுத்த ஆண்டு அதே வினாவைத் திரும்பக் கொடுக்காதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. மூத்த மாணவரின் ஒப்படை இளையவரின் கைபேசிக்கு எப்படிப் போகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எல்லாவற்றையும் புதிதாகச் செய்யவும் வேண்டியதில்லை. அட்டவணையின் அமைப்பு அப்படியே இருக்கட்டும், விதிவிலக்கான கிணற்றை மாற்றுங்கள். இந்த ஆண்டு கிணறு 4 தோட்டத்தைப்போல நடந்தது. அடுத்த ஆண்டு தோட்டக் கிணறு ஒன்று பருவத்தோடு மாறாமல் நிற்கட்டும். பழைய விடையை எடுத்து எழுதியவர் அந்த இடத்தில் தப்பான கிணற்றைச் சான்றாகச் சொல்வார். இந்த ஆண்டு மாணவர் அளந்த கிணறுகளில் நம்பகமானவற்றை, வீட்டுக்காரரின் அனுமதியோடும் பெயர் முகவரி இல்லாமலும், அடுத்த ஆண்டு அட்டவணையில் சேர்க்கலாம். மூன்று ஆண்டில் வேறெங்கும் இல்லாத ஒரு தரவுத் தொகுதி துறையிடம் சேர்ந்துவிடும்.

நெறிப்படுத்துநர்களிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும். இப்படிப்பட்ட வினா உங்கள் மேசைக்கு வரும்போது "இரண்டாம் வாதம் எது என்று தெளிவில்லை, விரித்து எழுதுக" என்று திருத்தி அனுப்பிவிடாதீர்கள். அந்த ஒரு திருத்தம் வினாவைக் கொன்றுவிடும். நீங்கள் வகுப்பில் இருக்கவில்லை, உங்களுக்குத் தெளிவில்லாதது இயல்பே. அதேபோல இரண்டாம் பரீட்சகரும் வகுப்பில் இருக்கவில்லை. பலகையில் என்ன இருந்தது என்று தெரியாமல் அவர் புள்ளியிட்டால், அழகாக எழுதிய கற்பனை வாதத்துக்கு இருபத்தைந்து போட்டுவிடுவார். முதலாம் பரீட்சகர் பூச்சியம் போட்டிருப்பார். பிறகு இரண்டையும் கூட்டிப் பாதியாக்குவார்கள். செய்த வேலை முழுவதும் அங்கே போய்விடும்.

ஆகவே ஒப்படை வினாவோடு மூன்று தாள் இணைந்து வர வேண்டும் என்று விதிக்குமாறு கேட்கிறோம். ஒன்று, பலகைப் படமும் வகுப்பு நடந்த திகதியும். இரண்டு, எந்த வசனத்துக்கு எத்தனை புள்ளி என்ற விரிவான திட்டம். மூன்று, வினாவை மட்டும் ஒரு செயலியில் ஒட்டி எடுத்த பதில், அந்தத் திட்டத்தின்படி ஆசிரியரே இட்ட புள்ளியோடு. அந்தப் புள்ளி சித்தி எல்லைக்கு மேலே இருந்தால் வினா திரும்பிப் போகட்டும். இரண்டாம் பரீட்சகருக்கு விடைத்தாள் கட்டோடு முதலாவது தாளின் பிரதியும் கட்டாயம் போக வேண்டும். மாணவர் கையில் வினா கிடைக்கும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே இவை உங்களிடம் வந்து சேர்ந்தால், திருத்த நேரம் இருக்கும்.

இங்ஙனம்,
சூழற் கற்கைகளுக்கான ஒப்படை வினா அமைத்துப் புள்ளியிடும் ஆசிரியர் சிலர்
யாழ்ப்பாணம்